யானைக்கால் செடிக்குள் எத்தனை லிட்டர்?

ஆரணி என்றதும் உங்களுக்குப் பட்டுப் புடவைதான் ஞாபகம் வரும். எங்களுக்கு, இங்கேயே குடியிருப்பவர்களுக்கு, முதலில் ஞாபகம் வருவது தண்ணீர். கமண்டல நாகநதி பெரும்பாலும் மணலாகவே கிடக்கிற ஆறு. குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வரும். போர் தண்ணீர் எப்போதும் உண்டு, ஆனால் அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு செடி தன் அடிவயிற்றில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசை வராது?

அந்தச் செடியை என் மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாள். அடியில் பெரிய வெங்காயம் மாதிரி உப்பிய தண்டு, அதன் மேல் குட்டையாக ஒரு கழுத்து, உச்சியிலிருந்து நாலாபக்கமும் தலைமுடி போல வழிந்து விழும் நீள நீளமான இலைகள். நர்சரிக்காரர்கள் இதை 'நோலினா' என்பார்கள். சிலர் 'போனிடெயில் பாம்' என்பார்கள். அடித்தண்டு யானையின் பாதம் போல வெடித்து வெடித்து இருப்பதால் நான் வைத்த பெயர் யானைக்கால் செடி. மெக்சிகோவிலும் இதே அர்த்தம் வரும் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம்!

விற்றவர் மகளிடம் சொல்லி அனுப்பினாராம்: "இதுக்குள்ள ஒரு குடம் தண்ணி இருக்கும்மா. மூணு மாசம் ஊத்தவே வேணாம்." குடம் என்றால் பதினைந்து லிட்டர். செடி இருந்த தொட்டியே எட்டு லிட்டர்தான் பிடிக்கும். அப்போதே எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது.

பெயரில் 'பாம்' என்று இருந்தாலும் இது பனை, தென்னை ஜாதியே இல்லை. தாவர நூல்களில் இதன் பெயர் பியூகார்னியா ரிகர்வேட்டா. சொந்த ஊர் மெக்சிகோவின் கிழக்குப் பகுதி. அங்கே பல மாதங்கள் ஒரு சொட்டு மழை இல்லாமல் கிடக்கும் காடுகளில் மரமாகவே வளர்கிறது. சொந்தக்காரர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நம் வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழை, வீட்டு வாசலில் வைக்கும் மருள், நாட்டு மருந்துக் கடையில் விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு எல்லாம் இதே குடும்பம். தண்ணீர்விட்டான் மண்ணுக்குக் கீழே கிழங்கில் சேமிக்கிறது. இது மண்ணுக்கு மேலே தண்டில் சேமிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் வாங்கித் தந்த இரண்டாம் வருஷம் இலை நுனிகள் பழுப்பாகக் காய ஆரம்பித்தன. ஒரு விரல்கடை அளவுக்கு, ஏறக்குறைய எல்லா இலைகளிலும். யாரோ ஊதுபத்தியால் சுட்டு வைத்த மாதிரி.

வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம். என் மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, நுனி காஞ்சா தாகம்னுதானே அர்த்தம்? வாயில்லா ஜீவன். ஒரு சொம்பு ஊத்தேன்" என்று தினமும் சொல்வார். பக்கத்து வீட்டு அண்ணியிடமும் இதே செடி இருந்தது, அதற்கும் இதே வியாதி. அவர் காலையும் மாலையும் போர் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம் எளிது. ஒரு வீட்டில் சாப்பாடு இல்லை என்றால் முதலில் அரிசிப் பானைதானே காலியாக வேண்டும்? இந்தச் செடியின் பானை அதன் அடித்தண்டு. தண்ணீர் போதாமல் இலை காய்கிறது என்றால் அதற்கு முன்பே அந்தத் தண்டு சுருங்கி, தோல் தளர்ந்து போயிருக்க வேண்டும். என் செடியின் தண்டோ இரும்புக் குண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் கூட உள்ளே போகவில்லை. பானை நிறைய அரிசி இருக்கும்போது பசியால் வாடுகிறது என்று எப்படிச் சொல்வது?

இதற்கு விடை எங்கள் தெருவில் பட்டுக்குச் சாயம் போடும் ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டுக்காரர் தறி நெய்பவர், அந்தப் பெரியவரிடம்தான் நூலுக்குச் சாயம் ஏற்றிக்கொள்வார். ஒரு நாள் வந்தவர் திண்ணையில் இருந்த தொட்டியைப் பார்த்துவிட்டு, இலையைத் தொடவே இல்லை. தொட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது.

"இது என்னன்னு தெரியுதாம்மா? எங்க கொப்பரையில படியற அதே உப்பு. போர் தண்ணிதானே ஊத்தறீங்க?" என்றார். பட்டு நூலிலிருந்து பசை எடுக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோய் நூல்மேல் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதனால் தண்ணீரைப் பற்றி ஒரு சாயக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது இது. வேர் உறிஞ்சும் தண்ணீர் தண்டு வழியாக ஏறி, இலை வழியாக ஓடி, வழி நெடுக ஆவியாகிக்கொண்டே போகிறது. தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருக்கும் உப்பு ஆவியாகாது. இலையின் கடைக்கோடி நுனிதான் பாதையின் முடிவு. எல்லா உப்பும் அங்கே போய்ச் சேர்ந்து அந்த இடத்தைச் சுட்டுவிடுகிறது. இந்தச் செடியின் இலை இரண்டு மூன்று அடி நீளம். நுனியோ ஊசி மாதிரி. அதிலும் இலை அடியிலிருந்து வளர்ந்து வெளியே தள்ளப்படுவதால் நுனிதான் இலையிலேயே வயதான பகுதி. ஆகவே முதல் அடி அங்கேதான் விழும்.

எல்லாப் பழுப்புக்கும் உப்பே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அடி வரிசையில் உள்ள கிழட்டு இலைகள் முழுசாகக் காய்ந்து தொங்குவது இயற்கை, பிய்த்து எறியலாம். சுவரில் உரசும் இலைக்கு, உரசுகிற நுனி மட்டும் காயும். இலை அடியில் மஞ்சளாகி, மண்ணும் சொதசொதவென்று இருந்தால் அது வேர் அழுகல், ஆபத்து. எல்லா இலையிலும் நுனி மட்டும், அளவெடுத்த மாதிரி பழுத்து, தண்டு கெட்டியாக, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவும் இருந்தால்தான் உப்பு என்று தீர்மானிக்கலாம்.

பரிகாரம் தண்ணீரைக் குறைப்பதும் இல்லை, தினமும் ஊற்றுவதும் இல்லை. மண்ணைக் கழுவ வேண்டும். மொட்டை மாடியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, அதாவது என் எட்டு லிட்டர் தொட்டிக்குப் பதினாறு லிட்டர், நிதானமாக ஒரே காலையில் ஊற்றினேன். அடி ஓட்டை வழியாக முழுதும் வடிந்து போக வேண்டும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கழுவிய உப்பையே செடி மறுபடி குடிக்கும். அதன் பிறகு மண் அடிவரை காயும்வரை ஒரு சொட்டும் கிடையாது. இப்போது பல வீடுகளில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. அதிலிருந்து கழிவாக வெளியே வரும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அது போர் தண்ணீரை விடவும் உப்பு. வாசல் தெளிக்கலாம், தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

காய்ந்த நுனி மறுபடி பச்சையாகாது. பார்க்க நன்றாக இல்லை என்றால் கத்தரிக்கோலால் இலையின் கூர்மை கெடாமல் சாய்வாக வெட்டிவிடலாம். ஆனால் பச்சையைத் தொடாமல் ஒரு நூலளவு பழுப்பை விட்டு வெட்ட வேண்டும். பச்சையில் வெட்டினால் அந்த இடமும் புதிதாகக் காயும். குணமாகிறதா என்று பார்க்க வேண்டியது உச்சியில் புதிதாக வரும் இலைகளைத்தான். என் செடியில் அவை சுத்தமான நுனியோடு நீள ஆரம்பிக்க நாலைந்து மாதம் ஆயிற்று.

இனி அந்தக் 'குடம் தண்ணீர்' விஷயத்துக்கு வருகிறேன்.

தை மாதம் செடியைத் தொட்டி மாற்றினேன். மண்ணை உதறி வேரைக் கழுவியபோது ஒரு யோசனை தோன்றியது. பெரிய அண்டாவை ஒரு அகலமான பேசினுக்குள் வைத்து, அண்டாவில் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பினேன். செடியை இலையோடு சேர்த்துத் தலைகீழாக ஆகாமல் பிடித்துக்கொண்டு, உப்பிய தண்டு கழுத்து வரை முழுகும்படி மெதுவாக இறக்கினேன். வழிந்த தண்ணீரை அரை லிட்டர் அளவையால் அளந்தால் சரியாக ஏழு முறை. அதாவது தண்டின் பருமன் மூன்றரை லிட்டர். கூடவே தையல் டேப்பால் சுற்றளவு எடுத்தேன். மிகப் பருத்த இடத்தில் 63 செ.மீ. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டு வைத்தேன். (நனைந்த செடியை உடனே நடவில்லை. நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு, வேரில் பட்ட காயம் ஆறிய பிறகுதான் நட்டேன். செம்மண்ணும் ஆற்று மணலும் உடைத்த செங்கல்லும் சேர்ந்த கலவை. உப்பிய பகுதி முழுதும் மண்ணுக்கு மேலே தெரியும்படி.)

மூன்றரை லிட்டர் பருமன் என்றால் மூன்றரை லிட்டர் தண்ணீரா? அப்படி இல்லை. உள்ளே நாரும் மாவும் மரத்தோலும் இருக்கிறதே! இதைப் பட்டுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ஒரு கிலோ கச்சாப் பட்டைப் பசை எடுத்தால் கையில் நிற்பது முக்கால் கிலோவை ஒட்டித்தான். தராசில் நிற்பது ஒன்று, தறிக்கு வருவது வேறு.

தண்ணீர் எத்தனை பங்கு என்று அறிய ஒரு செடியை வெட்ட வேண்டும். என் செடியை வெட்ட மனம் வருமா? அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் செடி சாய்ந்தது. பாவம், தினம் இரண்டு வேளை குடித்துக் குடித்து வேர் அழுகி, தண்டின் அடி கூழாகி, ஒரு நாள் காற்றில் அப்படியே கழன்று விழுந்துவிட்டது. கிட்டே போனால் அழுகிய முட்டைக்கோஸ் வாடை. தண்டின் மேல்பாதி மட்டும் இன்னும் கெட்டியாக, வெள்ளையாக இருந்தது. அண்ணி அனுமதியோடு அதிலிருந்து 200 கிராம் வெட்டி எடுத்தேன். வெளியே மரப்பட்டை, உள்ளே நார் ஓடிய கருணைக்கிழங்கு மாதிரி ஈரச் சதை. பிழிந்தால் தண்ணீர் கொட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு துளிகூடச் சொட்டவில்லை, விரல்தான் பிசுபிசுத்தது. குடத்தில் நிற்பது போல உள்ளே தண்ணீர் நிற்பதில்லை. பூசணிக்காயில் இருப்பது போல சதையின் ஒவ்வொரு கண்ணறைக்குள்ளும் அடங்கி இருக்கிறது.

வற்றல் போடுவது போலச் சீவி, பங்குனி வெயிலில் மாடியில் காயவைத்தேன். ஆறாம் நாள் 46 கிராம். அதற்குப் பின் இரண்டு நாள் எடை குறையவில்லை. வெயிலில் காய்ந்தது எலும்பு வரை காய்ந்ததாகாது, கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். ஆகவே நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு செடியின் ஒரே ஒரு துண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்குப்படி என் செடிக்குள் இருப்பது ஏறக்குறைய 2.7 லிட்டர். குடமும் இல்லை, அரைக்குடமும் இல்லை. மூன்று தண்ணீர் பாட்டில் கூட நிறையாது!

இதைக் கணக்குப் பார்த்ததற்கு விளையாட்டு மட்டும் காரணம் இல்லை. மகளுக்கு இரண்டாம் பிரசவம். ஏப்ரல் நடுவில் நான் ஓசூர் போக வேண்டும், ஆறு வாரம் கழித்துத்தான் திரும்புவேன். அக்னி நட்சத்திரம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். வீட்டுக்காரர் இங்கேதான் இருப்பார், ஆனால் தறிக் குழிக்குள் காலை வைத்துவிட்டால் அவருக்கு உலகமே மறந்துபோகும். மறக்காமல் ஞாபகம் வந்தால் அதுதான் இன்னும் பயம், போர் தண்ணீரை அள்ளி ஊற்றிவிடுவார். கோடையில் குடிக்கும் தண்ணீரைச் செடிக்குக் கொடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. மகள் கொடுத்த செடி, மகள் பிரசவத்துக்குப் போன நேரத்தில் பட்டுப்போனால் யாருக்குத்தான் மனசு தாங்கும்? மாமியார் வேறு, "அபசகுனமாயிடப் போகுதும்மா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நன்றாக யோசித்துத்தான் முடிவு செய்தேன். கிளம்பும் நாள் காலையில் தொட்டி வடியும் அளவுக்கு மழைத் தண்ணீர் ஊற்றினேன். காலை வெயில் மட்டும் படுகிற திண்ணை ஓரத்தில், மழைச்சாரல் படாத இடமாக நகர்த்தி வைத்தேன். டேப்பு வைத்துப் பார்த்தேன். கோட்டில் அதே 63. "நான் வர்ற வரைக்கும் யாரும் ஒரு சொட்டும் ஊத்தக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பேரன் பிறந்த சந்தோஷத்திலும் இரவில் சில நேரம் அந்தத் தொட்டி கண்ணுக்குள் வந்து போனது உண்மை.

நாற்பத்திரண்டாம் நாள் திரும்பினேன். பையை இறக்கு முன் திண்ணையைத்தான் பார்த்தேன். இலைகள் பச்சை. வழக்கமாகக் குடை போல வளைந்து விழுபவை, கொஞ்சம் ஒடுங்கி, நடுநரம்பில் மடிந்தாற்போல இருந்தன. தண்டின் தோலில் மெல்லிய சுருக்கம், வயதானவர்களின் கைப்புறம் போல. அழுத்தினால் லேசாக அமுங்கியது, ஆனால் கூழாக இல்லை, வாடையும் இல்லை. டேப்பு வைத்தேன். 60.5 செ.மீ.

இரண்டரை செ.மீ. குறைந்ததற்குக் கணக்கு இப்படி: சுற்றளவு நூற்றுக்கு நான்கு குறைந்தால், உயரமும் அகலமும் எல்லாப் பக்கமும் அதே விகிதத்தில் சுருங்கியதாக வைத்துக்கொண்டால், பருமன் நூற்றுக்குப் பதினொன்றுக்குச் சற்று மேல் குறையும். மூன்றரை லிட்டரில் அது சுமார் 400 மில்லி. ஆறு வாரக் கத்திரி வெயிலில் அந்தச் செடி தன் கஜானாவிலிருந்து செலவழித்தது, நாம் காபி குடிக்கும் டம்ளரில் இரண்டு டம்ளர்!

இதிலும் முதல் இரண்டு வாரத்துக்கு மண்ணில் இருந்த ஈரமே போதுமானதாக இருந்திருக்கும். செடி அதைக் குடித்து முடித்த பிறகுதான் தண்டில் கைவைத்திருக்கும். மிச்சம் நான்கு வாரத்துக்கு 400 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 14 மில்லி. ஒரு மேசைக்கரண்டி. இதைக் கணக்கிட்டு முடித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. செடி நிறையச் சேர்த்து வைத்திருப்பதால் பிழைக்கவில்லை. தோல் கனத்த அந்த ஒல்லி இலைகள் தண்ணீரை வெளியே விடுவதே இல்லை என்னுமளவு கஞ்சத்தனமாக விடுகின்றன. அதனால் சிறு சேமிப்பே நீண்ட நாள் வருகிறது. அதே வாசலில் ஒரு செம்பருத்திச் செடி இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரே வெயில் நாளில் குடித்துவிடும்.

இன்னொன்று: உள்ளே 2.7 லிட்டர் இருக்கிறது, 400 மில்லிதான் போயிற்று என்றால் இன்னும் நூற்றறுபது நாள் தாங்கும் என்று வகுத்துப் பார்க்கக் கூடாது. கண்ணறைகள் உயிரோடு இருக்க அவற்றுக்குள்ளேயே பெரும்பகுதித் தண்ணீர் இருந்தாக வேண்டும். அது செடியின் உடம்பு, சேமிப்பு அல்ல. நான் கண்ட அளவில், பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுச் செடி சுகமாக இருந்தது. அதற்கு மேல் எவ்வளவு கொடுக்கும் என்று சோதிக்க எனக்கு மனசில்லை.

பருத்த மரங்கள் எல்லாமே இந்த விஷயத்தில் நாம் நினைப்பது போல நடந்துகொள்வதில்லை. இலங்கையில் மன்னார் பள்ளிமுனையில் ஒரு பெரிய பெருக்க மரம் இருக்கிறது. அடிமரம் ஒரு சிறு வீடு மாதிரி. ஆப்பிரிக்காவிலிருந்து அந்தக் காலத்தில் வணிகர்கள் கொண்டு வந்த ஜாதி என்பார்கள். இதே இனத்து மரங்களை மடகாஸ்கர் தீவில் ஆராய்ந்தவர்கள் 2006-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அந்தப் பெரிய அடிமரத்தின் தண்ணீரைக் கொண்டு மரம் கோடை முழுவதும் தாராளமாகக் குடித்து வாழ்வதில்லையாம். மழைக்கு முன்பே புது இலை விடுவதற்கு மட்டும் அதை எடுத்துக்கொள்கிறது. விட்ட பிறகும் மழை வந்து மண் நனையும்வரை இலையின் துவாரங்களை இறுக்கி மூடியே வைத்திருக்கிறது. அத்தனை பெரிய மரமே அப்படி எண்ணி எண்ணிச் செலவழிக்கிறதென்றால், என் தொட்டிச் செடியின் மேசைக்கரண்டியில் என்ன ஆச்சரியம்?

ஊருக்கு வந்த அன்று மாலையே தொட்டி வடிய ஒரு முறை ஊற்றினேன். மறுபடி மண் காய்ந்த பிறகு, பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. மூன்று வாரத்தில் டேப்பு 62.5 காட்டியது, சுருக்கம் போயிற்று, இலைகள் மறுபடி வளைந்து விழுந்தன. பழுப்பு நுனியா? போகும்போது சுத்தமாக இருந்த புது இலைகள் ஆறு வாரத் தாகத்துக்குப் பிறகும் சுத்தமாகவே இருந்தன. பழைய இலைகளில் மட்டும் பழைய பழுப்பு. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப தாகத்துக்கு இல்லியா இது!" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

உங்களிடம் இந்தச் செடி இருந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது அளவு. இப்போது மேசை மேல் வைக்கச் சின்னஞ்சிறு கிண்ணத்தில் எலுமிச்சம்பழம் அளவுத் தண்டோடு இதை விற்கிறார்கள். குறுக்களவு பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்று நினைப்போம். அப்படி இல்லை, எட்டில் ஒன்றாகிவிடும். 20 செ.மீ. உருண்டை நாலு லிட்டருக்கு மேல் பருமன் கொள்ளும், 10 செ.மீ. உருண்டை அரை லிட்டர்தான், 6 செ.மீ. எலுமிச்சம்பழமோ 110 மில்லியை ஒட்டி. அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் இரண்டு தேக்கரண்டி. அந்தக் குட்டிச் செடியை ஒட்டகம் என்று நம்பி ஆறு வாரம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கோடையில் மண் காய்ந்து நாலைந்து நாளில் அதற்குத் தண்ணீர் வேண்டும்.

இரண்டாவது, சுருக்கத்தையும் அழுகலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டிலும் தண்டு மிருதுவாகும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மண் உலர்ந்து, தண்டு சுற்றிலும் ஒரே சீராகச் சுருங்கி, வாடை இல்லாமல் இருந்தால் தாகம், ஊற்றுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே தண்டின் அடியில் ஒரு பக்கம் மட்டும் அமுங்கி, தோல் கருத்து, கசிவோ வாடையோ இருந்தால் அழுகல். அப்போது ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் விஷம். உடனே வெளியே எடுத்து, அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் கெட்டிச் சதை வரும்வரை சீவி, நிழலில் பல நாள் உலரவிட்டுப் பார்க்கலாம். அடி முழுதும் கூழாகிவிட்டால் பிழைப்பது கஷ்டம். டேப்பு சோதனையும் இளஞ்செடிக்குத்தான் ஒத்துவரும். மிக வயதான செடிகளில் தடித்த பட்டை உள்ளே சதை வற்றினாலும் விட்டுக்கொடுக்காது.

பெரிய செடி வேண்டும் என்று அவசரப்பட்டுத் தேடவும் வேண்டாம். சொந்தக் காட்டில் இந்த மரங்களைத் தோண்டியும் விதையைப் பறித்தும் விற்று, அங்கே மிகவும் அருகிப்போய்விட்டன. 2017 முதல் நாடு விட்டு நாடு விற்க அனுமதிச் சீட்டு தேவைப்படும் செடிகளின் பட்டியலில் இந்த இனம் முழுவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் நர்சரிகளில் விதையிலிருந்து வளர்த்த கன்றே போதும். வருஷத்துக்கு ஒரு விரல் பருத்தால் அதிகம்.

அண்ணிக்கும் அப்படி ஒரு கன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தண்டு ஒரு நாட்டு வெங்காயம் அளவு. கூடவே என் பழைய தையல் டேப்பையும் கொடுத்தேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அளக்கிறாராம். போன வாரம் 14 செ.மீ. என்று மதில் மேலிருந்து கத்திச் சொன்னார்.